இரண்டாம் இதய ஒலியின் பிளவு: மூச்சோடு சேர்த்துக் கேட்பது எப்படி

முதலில் ஃபேனை நிறுத்துங்கள். நான் உட்காரும் கிளினிக் பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் ஒரு குறுக்குத் தெருவில் இருக்கிறது. ஆட்டோ ஹாரன், எதிர்வீட்டு மிக்ஸி, வெளியே பெஞ்சில் காத்திருப்பவர்களின் பேச்சு என்று எல்லாம் உள்ளே வரும். அதையெல்லாம் நிறுத்த முடியாது, ஃபேனை நிறுத்தலாம். நாம் தேடப் போவது ஒரு நொடியை 100 பங்காக்கினால் அதில் மூன்று நான்கு பங்கு அளவுள்ள இடைவெளி. அதற்கு அந்தச் சின்ன அமைதியும் வேண்டும்.

இங்குள்ள மருத்துவக் கல்லூரிகளில் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் சிலர் சனிக்கிழமை மாலைகளில் வந்து என்னோடு உட்காருவார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் எழுதுகிறேன்.

'லப்-டப்' என்பதில் 'டப்' ஒரே ஒலி போலத் தோன்றினாலும் அதில் இரண்டு வால்வுகள் மூடும் ஓசை இருக்கிறது. இடது கீழறையின் வாசலில் இருக்கும் அயோர்ட்டிக் வால்வு முதலில் மூடும். அந்த ஓசைக்கு ஏ2 என்று பெயர். வலது கீழறையின் வாசலில் இருக்கும் பல்மனரி வால்வு சற்றுப் பிந்தி மூடும். அது பி2. மூச்சை வெளியே விடும்போது இரண்டும் மிக நெருங்கி வருவதால் காதுக்கு ஒன்றாகவே கேட்கும். மூச்சை உள்ளே இழுக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் குறைந்து, உடலிலிருந்து வலது பக்கத்துக்கு ரத்தம் கூடுதலாக வரும். அதைத் தள்ளி முடிக்க வலது கீழறைக்குக் கொஞ்சம் அதிக நேரம் பிடிக்கும். விரிந்த நுரையீரல் ரத்தக்குழாய்களும் அந்த ரத்தத்தைத் தடையின்றி வாங்கிக்கொள்வதால் பல்மனரி வால்வு மூடத் தாமதமாகும். பி2 பின்னால் நகரும். ஏ2 ஒரு சிறிது முன்னால் வரும். அப்போது 'டப்' என்பது 'ட்ரப்' ஆகும்.

ஆக, ஆரோக்கியமான இதயத்தில் பிளவு என்பது நிலையாக நிற்கும் ஒன்றல்ல. மூச்சோடு திறந்து மூடும் கதவு போன்றது. அதனால் "ஒலி ஒன்றா இரண்டா?" என்று மட்டும் கேட்டால் பாதி விஷயம் போய்விடும். "மூச்சு உள்ளே போகும்போது இடைவெளி என்ன ஆகிறது, வெளியே வரும்போது என்ன ஆகிறது?" என்று கேளுங்கள். இந்தக் கட்டுரையில் வரும் மூன்று வகைப் பிளவும் அந்த ஒரே கேள்விக்குக் கிடைக்கும் மூன்று விடைகள்தான்.

எங்கே வைப்பது, எப்படிக் கேட்பது

கழுத்துக் குழியிலிருந்து நெஞ்செலும்பின் மேல் விரலை இறக்கிக்கொண்டே வந்தால் ஒரு சின்ன மேடு தட்டுப்படும். அதற்கு நேர் பக்கவாட்டில் இருப்பது இரண்டாம் விலா எலும்பு. அதன் கீழே உள்ள இடைவெளியில், நெஞ்செலும்பின் இடது ஓரத்தை ஒட்டி ஸ்டெதஸ்கோப்பின் டயஃப்ரத்தை நன்றாக அழுத்தி வையுங்கள். இந்த ஒலிகள் கீச்சுத் தன்மை உள்ளவை. பெல்லால் கேட்டால் மங்கிவிடும். அங்கே தெளிவில்லை என்றால் ஒரு இடைவெளி கீழே இறங்கிப் பாருங்கள். ஏ2 நெஞ்சு முழுக்கக் கேட்கும். சாதாரணமாக பி2 இந்தச் சிறிய இடத்தில் மட்டும்தான் கேட்கும். அதனால் பிளவைத் தேட வேண்டிய இடமும் இதுதான்.

படி ஏறி வந்தவரை உடனே பரிசோதிக்காதீர்கள். நாடித்துடிப்பு 100ஐத் தாண்டினால் புதிய காதுக்கு எதுவும் பிரியாது. ஐந்து நிமிடம் உட்கார வைத்துவிட்டு, அப்புறம் படுக்கச் சொல்லுங்கள்.

இப்போது மூச்சு. இங்கேதான் பெரும்பாலான பிழை நடக்கிறது. "மூச்சை இழுத்து அடக்குங்க" என்று சொல்லிவிட்டுக் கேட்டால் நுரையீரல் இரைச்சல் இருக்காது, உண்மைதான். ஆனால் மூச்சு நின்றால் நமக்கு வேண்டிய அசைவும் நின்றுவிடும். பி2 பின்னால் நகர்வது மூச்சு உள்ளே போகும் அந்த இரண்டு மூன்று துடிப்புகளில்தான். அதனால் "அடக்க வேண்டாம், எப்பவும் போல விடுங்க" என்று சொல்லிவிட்டு, காதை ஒலியிலும் கண்ணை அவர் வயிறு ஏறி இறங்குவதிலும் வையுங்கள். முதல் நான்கைந்து மூச்சில் எதையும் முடிவு செய்யாதீர்கள். காது அந்தத் தாளத்தில் உட்கார்ந்த பிறகு, உள் மூச்சில் 'ட்ரப்', வெளி மூச்சில் 'டப்' என்று மாறுவது தெரியும்.

இடைவெளி எப்படி ஒலிக்கும் என்று பழக மேஜையே போதும். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் ஏறக்குறைய ஒன்றாக, ஒன்று இம்மியளவு முந்தும்படி தட்டுங்கள். இரண்டு என்று எண்ண முடியாமல், ஓசை சற்றே தடிமனாக மட்டும் தோன்றும் இடம் ஆரோக்கியமானவரின் உள் மூச்சுப் பிளவுக்கு அருகில் இருக்கும். 'தக' என்று இரண்டு எழுத்தாக எண்ணிச் சொல்ல முடிந்தால் அது அகலமான பிளவு.

ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது 16 வயதுப் பையன் ஒருவனை மூச்சை அடக்க வைத்துக் கேட்டேன். பிளவு இருந்தது, அசையவில்லை. மேலறைச் சுவரில் ஓட்டை இருக்கலாம் என்று எழுதி எக்கோவுக்கு அனுப்பினேன். தேதி கிடைக்க இரண்டு வாரம் ஆனது. அந்த இரண்டு வாரமும் அவன் அம்மா சரியாகத் தூங்கவில்லை என்று பிறகு தெரிந்தது. எக்கோவில் ஒன்றுமே இல்லை. அன்று நான் செய்யாமல் விட்டது இரண்டு: மூச்சை ஓட விடவில்லை, அவனை எழுப்பி நிற்க வைத்துக் கேட்கவில்லை.

நிற்க வைப்பது ஏன் என்றால், படுத்திருக்கும்போது கால்களிலிருந்து ரத்தம் அதிகமாகத் திரும்பி வரும். இளவயதினர் சிலருக்கு அந்த நிலையில் வெளி மூச்சிலும் மெல்லிய பிளவு கேட்கும். அது நோயல்ல. உட்கார்ந்தாலோ நின்றாலோ வெளி மூச்சில் ஒன்றாகிவிடும். நின்ற பிறகும் வெளி மூச்சில் இரண்டாகவே கேட்டால்தான் அதற்குக் காரணம் தேட வேண்டும். இந்த ஒரு படியை மட்டும் எந்த நாளும் விடாதீர்கள்.

அகலமான பிளவு

வெளி மூச்சிலும் இரண்டாகக் கேட்கிறது. உள் மூச்சில் இன்னும் விலகுகிறது. கதவு எப்போதும் கொஞ்சம் திறந்திருக்கிறது, ஆனால் அசைகிறது. இது அகலமான பிளவு.

இதற்கு அதிகம் காணப்படும் காரணம் வலது பண்டில் பிளாக். மின்சைகை வலது கீழறைக்குத் தாமதமாகப் போவதால் அது தாமதமாகத் தொடங்கித் தாமதமாக முடிக்கிறது. ஈசிஜி எடுத்தால் தெரிந்துவிடும். பல்மனரி வால்வு சுருங்கியிருந்தாலும் வலது கீழறை தள்ளி முடிக்க நேரமாகும். ஆனால் அங்கே பி2 பிந்துவதோடு மெலிந்தும் போகும். அதே இடத்தில் கரகரப்பான மர்மரும் கேட்கும். வால்வு எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு பிந்தும், அவ்வளவு மெலியும். இன்னொரு வழியும் உண்டு. பி2 தன் இடத்திலேயே இருக்க, ஏ2 முந்திவிடலாம். மைட்ரல் வால்வு கடுமையாக ஒழுகும்போது இடது கீழறையின் ரத்தம் இரண்டு பக்கமும் போவதால் வேலை சீக்கிரம் முடிந்து, அயோர்ட்டிக் வால்வு முன்கூட்டியே மூடும். அங்கே இதய முனையில் நீண்ட மர்மர் இருக்கும் என்பதால் பிளவை நம்பி முடிவெடுக்கும் தேவை அதிகம் வராது.

நிலையான பிளவு

நான் அதிகம் பேச விரும்புவது இதைப் பற்றித்தான். மற்ற பரிசோதனைகள் நழுவவிடும் ஒரு நோயைக் காது பிடித்துக் கொடுப்பது இங்கேதான்.

போன மழைக்காலத்தில் பீன்யா பக்கம் கார்மென்ட்ஸில் தையல் வேலை செய்யும் 29 வயதுப் பெண் வந்தார். "சார், மூணாவது மாடி ஏறுறதுக்குள்ள நெஞ்சு படபடன்னு அடிக்குது, நடுவுல நின்னுதான் போறேன்" என்றார். இரண்டு வருடமாக இருக்கிறதாம். முன்பு பார்த்த ஒரு இடத்தில் இதயத்தில் மர்மர் கேட்டிருக்கிறது. ரத்தம் குறைவு, அதனால்தான் சத்தம் என்று சொல்லி இரும்பு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். ரத்தக்குறைவில் அப்படி மர்மர் கேட்பது உண்மைதான், அந்த முடிவு அன்றைக்குப் பொருத்தமாக இருந்திருக்கலாம். ஆனால் என்னிடம் வந்தபோது ஹீமோகுளோபின் 11.8. அந்த அளவுக்கு இந்த மூச்சிரைப்பும் வராது, இந்த மர்மரும் வராது.

நாடி 84, சீராக இருந்தது. நெஞ்செலும்பின் இடது ஓரத்தில் உள்ளங்கையை வைத்தபோது கை மெல்லத் தூக்கப்பட்டது. வலது கீழறை பெரிதாகியிருந்தால் அப்படித் தூக்கும். இடது இரண்டாம் இடைவெளியில் மென்மையான மர்மர், சுருங்கும் நேரத்தில் மட்டும். அதைத் தாண்டி இரண்டாம் ஒலியில் கவனத்தை வைத்தேன். 'தக'. உள் மூச்சு: 'தக'. வெளி மூச்சு: 'தக'. "எழுந்து நில்லுங்கம்மா, மூச்சை அடக்க வேண்டாம்" என்றேன். நின்ற பிறகும் அதே இடைவெளி, துளியும் மாறவில்லை. கூட இருந்த மாணவியிடம் ஸ்டெதஸ்கோப்பைக் கொடுத்தேன். அவர் ஒரு நிமிடம் கேட்டுவிட்டு, "மூச்சைப் பார்க்காமல் கேட்டால் எது உள் மூச்சு, எது வெளி மூச்சு என்றே சொல்ல முடியவில்லை சார்" என்றார். நிலையான பிளவுக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியாது.

மேலறைகளுக்கு நடுவே உள்ள சுவரில் ஓட்டை இருக்கும்போது, அதாவது ஏஎஸ்டியில், இது ஏன் நடக்கிறது? பெங்களூரு அபார்ட்மென்ட்டில் இருப்பவர்களுக்கு இது எளிதாகப் புரியும். சம்ப்புக்குக் காவிரிக் குழாயிலிருந்தும் போர்வெல்லிலிருந்தும் தண்ணீர் வரும். காவிரி நன்றாக வரும் நாளில் போர்வெல் குறைவாக ஓடும். காவிரி வராத நாளில் போர்வெல் ஈடுகட்டும். சம்ப்பின் மட்டம் ஏறக்குறைய மாறாது. இங்கே வலது மேலறைதான் சம்ப்பு. உள் மூச்சில் உடலிலிருந்து ரத்தம் கூடுதலாக வரும். அப்போது ஓட்டை வழியாக இடமிருந்து வருவது குறையும். வெளி மூச்சில் உடலிலிருந்து வருவது குறைய, ஓட்டை வழியாக வருவது கூடும். வலது கீழறைக்குக் கிடைக்கும் மொத்த ரத்தம் எந்த மூச்சிலும் அதேதான். அதனால் பி2 அசைவதில்லை. இடைவெளி அகலமாக இருப்பதற்குக் காரணம் வேறு: வலது பக்கம் எப்போதுமே அளவுக்கு மீறிய ரத்தத்தைச் சுமக்கிறது, விரிந்துபோன நுரையீரல் ரத்தக்குழாய்களும் அதைத் தடையின்றி வாங்கிக்கொள்கின்றன. இரண்டும் சேர்ந்து பல்மனரி வால்வு மூடுவதைத் தள்ளிப்போடுகின்றன.

அந்த மர்மர் ஓட்டையிலிருந்து வருவதில்லை என்பதையும் சேர்த்துப் புரிந்துகொள்ளுங்கள். மேலறைகளுக்கு இடையே அழுத்த வித்தியாசம் மிகக் குறைவு, அதனால் ஓட்டை ஓசையில்லாமல் இருக்கும். நாம் கேட்பது கூடுதல் ரத்தம் பல்மனரி வால்வைக் கடக்கும் ஓசை. அது ரத்தக்குறைவு மர்மர் போலவே மென்மையானது. இரண்டையும் பிரிப்பது இரண்டாம் ஒலிதான். ரத்தக்குறைவில் பிளவு மூச்சோடு அசையும்.

அந்தப் பெண்ணின் ஈசிஜியில் வி1 லீடில் ஆர்எஸ்ஆர் வடிவமும், அச்சு வலப்பக்கம் சாய்ந்திருப்பதும் தெரிந்தது. எக்ஸ்ரேயில் நுரையீரல் ரத்தக்குழாய்கள் வெளி ஓரம் வரை தடித்திருந்தன. எக்கோவில் மேலறைச் சுவரின் நடுப்பகுதியில் 19 மில்லிமீட்டர் ஓட்டை. ஏஎஸ்டிகளில் அதிகம் காணப்படும் செகண்டம் வகை. வலது கீழறை பெரிதாகியிருந்தது; நுரையீரலுக்குப் போகும் ரத்தம் உடலுக்குப் போவதைப் போல இரண்டு மடங்கு. ஒன்றரை மடங்குக்கு மேல் இருந்து, வலது பக்கம் பெரிதாகி, நுரையீரல் அழுத்தம் கட்டுக்குள் இருந்தால் மூடுவது நல்லது. தொடையின் ரத்தக்குழாய் வழியாகக் கருவியைக் கொண்டுபோய் ஓட்டையை அடைத்தார்கள். நெஞ்சைத் திறக்க வேண்டியிருக்கவில்லை.

ஆனால் நிலையான பிளவு என்றாலே ஏஎஸ்டி என்று எழுதிவிடாதீர்கள். வலது கீழறை கடுமையாகத் தளர்ந்து போனாலும் கூடுதல் ரத்தத்துக்கு ஏற்ப அதனால் வேலையை நீட்டிக்க முடியாது, பிளவு அசையாமல் நிற்கும். அவருக்குக் கழுத்து நரம்பு புடைத்திருக்கும், கால் வீங்கியிருக்கும். 29 வயதில் நடந்து வந்தவரின் படமே வேறு. துடிப்பு தாறுமாறாக இருக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் பிளவின் அசைவைப் பற்றி முடிவே செய்யாதீர்கள். ஒவ்வொரு துடிப்பிலும் ரத்தத்தின் அளவே மாறுகிறது. நடுவயதைத் தாண்டிய ஏஎஸ்டி நோயாளிகளில் இந்தத் தாளக்கோளாறு வருவது வழக்கம், அங்கே எக்கோதான் வழி. சின்ன ஓட்டை என்றால் பிளவு சாதாரணமாகவே இருக்கலாம். அதனால் இரண்டாம் ஒலி நன்றாக அசைகிறது என்பதை மட்டும் வைத்து ஓட்டை இல்லை என்று யாருக்கும் உறுதி தராதீர்கள்.

இன்னொரு ஏமாற்று, மைட்ரல் வால்வு சுருக்கத்தில் வரும் திறப்பு ஒலி. அதுவும் கீச்சுத் தன்மையோடு 'டப்'புக்குப் பின்னால் வரும். மூச்சோடு அசையாத பிளவு போலவே தோன்றும். நோயாளியை நிற்க வையுங்கள். அந்த இடைவெளி நின்றதும் விரியும். ஏ2-பி2 இடைவெளி நின்றால் விரிவதில்லை. அதோடு திறப்பு ஒலி இதய முனைப் பக்கம் தெளிவாகக் கேட்கும்.

தலைகீழான பிளவு

இதில் வரிசையே மாறிவிடும். பி2 முதலில், ஏ2 பின்னால். உள் மூச்சில் பி2 வழக்கம்போலப் பின்னால் நகர்ந்து, காத்திருக்கும் ஏ2வோடு சேர்ந்துவிடும். வெளி மூச்சில் திரும்ப முன்னால் போய் இடைவெளி திறக்கும். உள் மூச்சில் 'டப்', வெளி மூச்சில் 'ட்ரப்'. மூச்சைக் கண்ணால் பார்க்காமல் கேட்பவருக்கு இது சாதாரணப் பிளவாகவே தோன்றும். வயிற்றைப் பார்த்துக்கொண்டே கேளுங்கள் என்று முன்பே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

சந்தேகம் வந்தால் எது ஏ2, எது பி2 என்று பிரித்துப் பார்க்கலாம். வெளி மூச்சில் பிளவு தெளிவாக இருக்கும் இடத்திலிருந்து ஸ்டெதஸ்கோப்பை ஒரு விரல், இன்னொரு விரல் என்று மெல்ல இதய முனையை நோக்கி நகர்த்துங்கள். பி2 அங்கே போகப்போக மங்கும், ஏ2 மங்காது. இரண்டாவதாக வரும் ஒலி மங்கினால் வரிசை சரி. முதலில் வருவது மங்கினால் வரிசை தலைகீழ். நுரையீரல் அழுத்தம் மிக அதிகமாக இருப்பவருக்கு மட்டும் பி2 முனை வரை கேட்கும், அங்கே இந்த உத்தி உதவாது.

இதற்கு வழக்கமான காரணம் இடது பண்டில் பிளாக். வலது கீழறையில் கம்பி வைத்த பேஸ்மேக்கரும் அதையே செய்யும். வலது பக்கம் முதலில் சுருங்குகிறது, இடது பக்கம் பிந்துகிறது. பேஸ்மேக்கர் வைத்த வயதானவர்கள் உங்கள் வார்டில் இருந்தால், அனுமதி கேட்டு அவர்களிடம் கேட்டுப் பழகுங்கள். தெளிவாகக் கிடைக்கும். ஈசிஜியில் பண்டில் பிளாக் இருக்கிறது என்று முன்பே தெரிந்தால், தலைகீழ்ப் பிளவு புதிதாக எதையும் சொல்வதில்லை.

ஈசிஜியில் பண்டில் பிளாக் இல்லை, ஆனாலும் பிளவு தலைகீழாக இருக்கிறது என்றால் நின்று யோசிக்க வேண்டும். இடது கீழறை தள்ளி முடிக்க அளவுக்கு மீறி நேரம் எடுக்கிறது என்று பொருள். அயோர்ட்டிக் வால்வின் கடும் சுருக்கம், கீழறைத் தசை தடித்து வழியை மறிக்கும் நோய், தளர்ந்துபோன இடது கீழறை ஆகிய மூன்றையும் தேடுங்கள். கழுத்து நாடியைத் தொட்டுப் பாருங்கள்; மெதுவாக, சிறிதாக எழும்பினால் வால்வுச் சுருக்கம் என்ற சந்தேகம் வலுக்கும். ஆனால் வால்வு கல்லாக இறுகிப்போனவருக்கு ஏ2 மெலிந்து கேட்காமலேயே போகலாம். அப்போது தலைகீழ்ப் பிளவு இருக்காது, ஒற்றை ஒலிதான் இருக்கும். வயதானவர்களில் பலருக்கு நோயில்லாமலும் ஒற்றை ஒலியாகவே கேட்கும் என்பதால், அதை மட்டும் வைத்து எந்தப் பக்கமும் சாயாதீர்கள்.

அந்தத் தையல்காரப் பெண் ஆறு மாதம் கழித்து வந்தார். ஓட்டையை மூடிய பிறகும் சிலருக்குப் பிளவு அகலமாகவே தங்கிவிடும். அவருக்கு இடைவெளி குறைந்து, மூச்சோடு அசையத் தொடங்கியிருந்தது. மூன்றாவது மாடியை நிற்காமல் ஏறுகிறாராம். கூடவே தங்கையை அழைத்து வந்திருந்தார், 19 வயது. "இவளுக்கும் பாத்துருங்க சார்" என்றார். ஒரே குடும்பத்தில் இந்த ஓட்டை வருவது உண்டு என்பதால் கேட்டது நியாயம்தான். படுக்க வைத்துக் கேட்டபோது வெளி மூச்சிலும் மெல்லிய பிளவு இருந்தது. அக்காவின் முகம் மாறிவிட்டது. தங்கையை எழுந்து நிற்கச் சொன்னேன். இரண்டு மூச்சு கழித்து, வெளி மூச்சில் ஒரே 'டப்'. மர்மர் இல்லை, ஈசிஜியும் சரியாக இருந்தது. அக்காவின் மனநிம்மதிக்காக எக்கோவும் எடுத்தோம். சுவரில் ஓட்டை இல்லை.